20 காய் சாம்பிள்: பரவற்படி 1.8 வர வேண்டிய இடத்தில் 2.7 வருகிறது, ஏன்?

சந்தூர்க்காரன் | ஜூன் 8, இரவு 9.40

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்குக் காய் சோதிக்கும் வேலை. பெங்களூரா லோடு வந்ததும் 20 காய் எடுத்து அறுத்துப் பார்த்து, சொத்தை எத்தனை என்று நோட்டில் எழுதுவேன். சென்ற வருஷ நோட்டையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி லோடுக்கு 2 சொத்தை, அதாவது பத்துக்கு ஒன்று.

தபால் வழியில் புள்ளியியல் படிக்கிறேன். ஈருறுப்புப் பரவல் படித்ததும் நோட்டில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. காய் எண்ணிக்கை n = 20, ஒரு காய் சொத்தையாக இருக்கும் வாய்ப்பு p = 0.1. பரவற்படி, அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கச் சராசரி, 20 × 0.1 × 0.9 = 1.8. நோட்டில் உள்ள எண்களுக்குப் போட்டால் 2.7-க்கு மேல் வருகிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு சொத்தைகூட இல்லாத லோடு பாடக் கணக்குப்படி 100-க்கு 12 வர வேண்டும், அதைவிட நிறைய வருகிறது. 5 அல்லது அதற்கு மேல் சொத்தை உள்ள லோடு 100-க்கு 4 வர வேண்டும், அதுவும் இரண்டு மடங்கு வருகிறது. நடுவில் இருக்க வேண்டியவை இரண்டு ஓரத்துக்கும் ஓடிவிட்ட மாதிரி. சராசரி மட்டும் சரியாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

மண்டிக்கணக்கு | ஜூன் 8, இரவு 10.15

தம்பி, சராசரி 2 என்றால் p 0.1தான். p 0.1 என்றால் 1.8தான். இதில் வேறு பதில் கிடையாது. காய் எடுக்கும் கையில்தான் கோளாறு. மேலே இருக்கிற காயாக எடுத்தால் சுத்தமாக இருக்கும், அடியில் எடுத்தால் நசுங்கியதாக இருக்கும். ஒரே மாதிரி எடுத்துப் பாருங்கள்.

சந்தூர்க்காரன் | ஜூன் 8, இரவு 10.50

அண்ணா, நான் எண்ணுவது நசுங்கலை இல்லை. பழ ஈ துளைத்த காயை. வெளியே பார்த்தால் ஊசி குத்தின அளவுக்கு ஒரு புள்ளிதான் இருக்கும், சில காயில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. கத்தி போட்டால்தான் கொட்டையை ஒட்டிப் பழுப்பு ஓடியிருக்கும், வெள்ளைப் புழு நெளியும். லாரியில் மேலே கிடந்ததா கீழே கிடந்ததா என்பது அதற்குத் தெரியாது. மேல், நடு, அடி மூன்றிலும் எடுக்கிறேன்.

சந்தூர்க்காரன் | ஜூன் 9, காலை 6.20

ராத்திரி யோசித்தேன். எல்லா லோடுக்கும் p ஒன்றே என்று எடுத்ததுதான் இடிக்கிறது. கீழே விழுந்த காயைப் பொறுக்கி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி கட்டி வைக்கிற தோப்பு வேறு. குத்தகைக்கு விட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத தோப்பு வேறு. இரண்டிலிருந்தும் லோடு வருகிறது. நல்ல தோப்பில் 0.05, கவனிக்காத தோப்பில் 0.15, பாதிக்குப் பாதி என்று வைத்தால் சராசரி 0.1 வந்துவிடுகிறது.

அப்போது நல்ல லோடின் பரவற்படி 20 × 0.05 × 0.95 = 0.95. மற்றதற்கு 20 × 0.15 × 0.85 = 2.55. இரண்டுக்கும் சராசரி 1.75. 1.8-ஐவிட இன்னும் குறைந்துவிட்டது! தோப்பைப் பிரித்தால் கூடும் என்று நினைத்தேன், நேர்மாறாகப் போகிறது.

ராகிக்காடு | ஜூன் 9, காலை 11.05

இந்த சாம்பிள் கதையே எனக்கு ஆகாது. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் பயிர் காப்பீட்டுக்குச் சோதனை அறுவடை என்று 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து நாலு வயலில் ராகி அறுத்தார்கள். அந்த நாலும் ஏரிப் பக்கத்து வயல். என் காடு மேட்டில் இருக்கிறது, கதிரே பிடிக்கவில்லை. ஊர் சராசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு ரூபாய் வரவில்லை. 20 காய் எடுத்தால் என்ன, 4 வயல் எடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

தருமபுரி டீச்சர் | ஜூன் 9, மாலை 5.30

கல்லூரியில் முப்பது வருஷம் இதை நடத்தியிருக்கிறேன். சந்தூர்த் தம்பி, நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். 1.75 சரியான எண்தான். ஆனால் அது முழுத் தொகை இல்லை.

உங்கள் சோதனை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எந்தத் தோப்பு லாரி வாசலில் நிற்கிறது என்பது முடிவாகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த லாரிக்குள் எந்த 20 காய் உங்கள் கையில் மாட்டுகிறது என்பது முடிவாகிறது. நீங்கள் கணக்கிட்டது இரண்டாம் கட்டத்தின் ஆட்டத்தை மட்டும். முதல் கட்டமும் ஆடுகிறது, அதை இன்னும் எண்ணவில்லை.

லாரி எது என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தோப்பு என்றால் எதிர்பார்ப்பது 1 சொத்தை. கவனிக்காத தோப்பு என்றால் 3. இந்த 1, 3 என்பதுதான் நிபந்தனை எதிர்பார்ப்பு. மாணவர்கள் தடுக்குவது இங்கேதான். சாதாரண எதிர்பார்ப்பு 2 என்ற ஒற்றை எண். நிபந்தனை எதிர்பார்ப்பு அப்படி இல்லை. லாரி மாறினால் அதுவும் மாறும், ஆகவே அதுவே ஒரு சமவாய்ப்பு மாறி. பாதி நேரம் 1, பாதி நேரம் 3. அதற்குச் சராசரி 2, உங்கள் நோட்டு சொல்வதுதான். சராசரி மாறிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கும் பரவற்படி உண்டு: 2-லிருந்து இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1, வர்க்கத்தின் சராசரி 1.

1.75 + 1 = 2.75. உங்கள் நோட்டு பொய் சொல்லவில்லை. சொத்தை எண்ணிக்கைக்கு X, வந்த லாரியின் p-க்கு P, எதிர்பார்ப்புக்கு E, பரவற்படிக்கு Var என்று எழுதினால்:

Var(X) = E[Var(X|P)] + Var(E[X|P])

சந்தூர்க்காரன் | ஜூன் 9, இரவு 8.10

மேடம், எண் சரியாக உட்கார்கிறது. ஆனால் வெறுமே கூட்டலாம் என்று எப்படித் தெரியும்? (a+b)² என்றால் நடுவில் 2ab வருமே, அது எங்கே போனது?

தருமபுரி டீச்சர் | ஜூன் 9, இரவு 9.00

ஒரு லோடை எடுங்கள். கவனிக்காத தோப்பு, 4 சொத்தை வந்தது. பொதுச் சராசரி 2-லிருந்து விலக்கம் 2. அதை இரண்டாக உடையுங்கள். அந்தத் தோப்பின் சொந்தச் சராசரி 3-லிருந்து 1 அதிகம். அந்த 3 பொதுச் சராசரியிலிருந்து 1 அதிகம். 2 = 1 + 1. ஒவ்வொரு லோடுக்கும் இப்படி உடைக்கலாம்.

இப்போது உங்கள் 2ab. கவனிக்காத தோப்பு லோடுகளை மட்டும் ஒரு குவியலாக வையுங்கள். அந்தக் குவியல் முழுவதும் இரண்டாவது துண்டு ஒரே எண், +1. முதல் துண்டு 3-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடுவது, அதன் சராசரி 0. நிலையான எண்ணை அதோடு பெருக்கிச் சராசரி எடுத்தால் 0தான் வரும். நல்ல தோப்புக் குவியலிலும் அப்படியே, அங்கே நிலையான எண் −1. இரண்டு குவியலிலும் 0 என்றால் மொத்தத்திலும் 0. குவியலுக்குள் சராசரி எடுத்த பிறகு குவியல்களுக்கு இடையே எடுப்பது, நிரூபணம் அவ்வளவுதான்.

ராகிக்காடு ஐயாவுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் காப்பீடு ஊர் சராசரியைப் பார்த்துப் பணம் தருகிறது. அதாவது இன்ன ஊர் என்ற நிபந்தனையில் வருகிற எதிர்பார்ப்பை. ஊருக்கு ஊர் மாறுகிற பகுதியை அது தாங்கும். ஊருக்குள் மேட்டு வயலுக்கும் ஏரி வயலுக்கும் உள்ள வித்தியாசம் முதல் உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது. நாலு வயலை எவ்வளவு நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வித்தியாசத்துக்குப் பணம் வராது, திட்டமே அப்படித்தான். நாலும் ஏரிப் பக்கமே அமைந்தது தனிக் குறை. அப்போது ஊர் சராசரியே தப்பாகிவிடுகிறது.

ராகிக்காடு | ஜூன் 9, இரவு 9.25

திட்டமே அப்படி என்பதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோபம் குறையவில்லை, ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

மண்டிக்கணக்கு | ஜூன் 10, காலை 7.45

டீச்சரம்மா சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் என் 1.8 எப்படித் தப்பாகும்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு காய் எடுத்தால் அது சொத்தையாக இருக்க 0.1 வாய்ப்பு. அடுத்த காய்க்கும் 0.1. இருபதுக்கும் 0.1. பிறகு என்ன?

சந்தூர்க்காரன் | ஜூன் 10, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, நானும் அதில்தான் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு காய்க்கும் தனியாகப் பார்த்தால் 0.1 சரி. ஆனால் முதல் காய் சொத்தை என்று தெரிந்ததும் இது கவனிக்காத தோப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் வருகிறது, இரண்டாவது காய்க்கு வாய்ப்பு கூடிவிடுகிறது. சரியாகச் சொன்னால் முதல் காய் சொத்தையானால் அடுத்ததற்கு 0.125. ஒரே லாரியில் வந்த காய்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன.

இதைக் கணினியில் போட்டுப் பார்த்தேன்.

```python
import random
def load():
    p = random.choice([0.05, 0.15])
    return sum(random.random() < p for _ in range(20))
xs = [load() for _ in range(100000)]
m = sum(xs) / len(xs)
print(m, sum((x - m)**2 for x in xs) / len(xs))
```

சராசரி 2-ஐ ஒட்டி, பரவற்படி 2.75-ஐ ஒட்டி வருகிறது. அப்புறம் `p` வரியை எடுத்துவிட்டு, `p` இருந்த இடத்தில் `random.choice([0.05, 0.15])` என்று கூட்டலுக்குள்ளேயே போட்டேன். அதாவது ஒவ்வொரு காய்க்கும் தனியாக ஒரு தோப்பு. சராசரி மாறவில்லை. பரவற்படி 1.8-க்கு இறங்கிவிட்டது! ஒரு வரி எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தருமபுரி டீச்சர் | ஜூன் 10, மாலை 6.00

அருமை தம்பி, இதைத்தான் சொல்ல வந்தேன். மண்டிக்காரரின் 1.8 ஒரு வேறு சோதனைக்குச் சரியான விடை: 20 லாரியிலிருந்து லாரிக்கு ஒரு காய். அங்கே காய்களுக்குள் உறவு இல்லை.

ஒரே லாரியிலிருந்து எடுக்கும்போதும் அந்த 1.8 வீணாகவில்லை. எந்த இரண்டு காய்க்கும் இடையே 0.0025 அளவு உடன் மாறுபாடு இருக்கிறது. அது p-யின் பரவற்படியேதான், 0.05-இன் வர்க்கம். 20 காயில் முன்பின் வரிசையோடு எண்ணினால் 20 × 19 = 380 ஜோடி. 380 × 0.0025 = 0.95. 1.8 + 0.95 = 2.75. ஆக 1.75 + 1 என்றும் உடைக்கலாம், 1.8 + 0.95 என்றும் உடைக்கலாம். வேறு வேறு இடத்தில் வெட்டுகிறோம், பொருள் ஒன்றே.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. நல்ல தோப்பிலிருந்து 10, கவனிக்காத தோப்பிலிருந்து 10 என்று திட்டமிட்டு எடுத்தால், தோப்பு எது என்ற ஆட்டமே இல்லாமல் போகிறது. அப்போது 1.75 மட்டும் மிஞ்சும். தம்பி 9-ஆம் தேதி காலையில் கண்ட எண் இந்தச் சோதனைக்கு உரியது. மூன்று வழியிலும் சராசரி 2. பரவற்படி மட்டும் 2.75, 1.8, 1.75.

மண்டிக்கணக்கு | ஜூன் 10, இரவு 8.30

அப்படியென்றால் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் இல்லையா? 20-க்குப் பதில் 100 காய் அறுத்தால் இந்தத் தோப்பு வித்தியாசம் அடங்கிவிடும்.

ஓசூர் ஷிஃப்ட் | ஜூன் 10, இரவு 11.50

100 காய் அறுத்தால் கம்பெனிக்குக் கூழே மிஞ்சாது அண்ணா, ஊறுகாய்தான்.

எங்கள் லைனிலும் இதே பிரச்சினை. ஒரே அச்சில் வந்த பாகங்களாக 50 எடுத்து அளந்துவிட்டு எல்லாம் அருமை என்று எழுதிவிடுவார்கள். அடுத்த அச்சு மாட்டியதும் எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். 50 எடுத்தோம் என்று பேர், உண்மையில் ஒரே அச்சைத்தான் பார்த்திருக்கிறோம்.

சந்தூர்க்காரன் | ஜூன் 11, காலை 5.50

மண்டி அண்ணன் கேட்டதைப் போட்டுப் பார்த்தேன். ஒரே லாரியில் 100 காய். லாரிக்குள் ஆடும் உள்பகுதி ஒரு காய்க்கு 1.75/20 = 0.0875, நூறுக்கு 100 × 0.0875 = 8.75. தோப்புகளின் எதிர்பார்ப்பு 5, 15. நடு 10, விலக்கம் 5, வர்க்கம் 25. மொத்தம் 33.75. வெறும் ஈருறுப்புக் கணக்கு சொல்வது 9. அடங்கவில்லை, இன்னும் விரிந்துவிட்டது.

காரணம் புரிகிறது. லாரிக்குள் காய்கள் அவையவை தன் பாட்டுக்கு ஆடுகின்றன, ஒன்று கூடினால் ஒன்று குறையும், ஆகவே அந்தப் பகுதி n மடங்குதான் வளர்கிறது. தோப்பு மோசம் என்றால் நூறு காயும் ஒரே பக்கம் சாய்கிறது, அந்தப் பகுதி n² மடங்கு வளர்கிறது.

எண்ணிக்கையாக இல்லாமல் சொத்தை விகிதமாகப் பார்த்தால் பரவற்படியில் உள்பகுதி 0.0875/n, n கூடக் கூடக் கரையும். தோப்புப் பகுதி 0.0025, ஒரு இம்மியும் குறையாது. லாரியையே முழுக்க அறுத்தாலும் அது இருக்கும். அந்த லாரி பற்றித் துல்லியமாகத் தெரியும், சீசன் பற்றித் தெரியாது.

அதனால் சீசன் சராசரி வேண்டுமென்றால் லாரியைத்தான் கூட்ட வேண்டும். மொத்தம் 60 காய் அறுக்க நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 லாரி × 20 காய் என்றால் 0.0025/3 + 0.0875/60, சுமார் 0.0023. அதே 60 காயை 12 லாரி × 5 காய் என்று பிரித்தால் சுமார் 0.0017. கத்தி வேலை ஒன்றுதான், 9 லாரிக்குக் கூடுதலாக ஏற வேண்டும்.

தருமபுரி டீச்சர் | ஜூன் 11, காலை 9.15

சரியாகச் சொன்னீர்கள். புள்ளியியல் அறிஞர் மஹலநோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பு கணக்கெடுத்தபோது மல்லுக்கட்டியதும் இந்தச் செலவுக் கேள்வியோடுதான்: புது இடத்துக்குப் போகிற செலவா, போன இடத்திலேயே இன்னும் அளக்கிற செலவா.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் மேலாளருக்குச் சீசன் சராசரி வேண்டுமா, வாசலில் நிற்கும் இந்த லாரியை ஏற்பதா என்ற முடிவு வேண்டுமா? இரண்டாவது என்றால், 1.75 + 1-இல் நாம் தொல்லை என்று பேசிக்கொண்டிருக்கும் அந்த 1, தொல்லை இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் காயையே அறுக்கிறீர்கள். 5 காய் போதாது.

சந்தூர்க்காரன் | ஜூன் 11, இரவு 10.20

மேடம் சொன்னது நாள் முழுக்க மனதில் ஓடியது. இன்று ஒரு லோடில் 4 சொத்தை. மேலாளர் 4/20, அதாவது 20 சதவீதம் என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தார். வண்டிக்காரர் வாசலிலேயே சண்டை.

நம் இரண்டு தோப்புக் கணக்கில் 4 சொத்தை வர, நல்ல தோப்பைவிடக் கவனிக்காத தோப்புக்கு சுமார் 13.7 மடங்கு வாய்ப்பு. அதனால் கவனிக்காத தோப்பு என்பதற்கு 93 சதவீதம். இந்த லாரியின் எதிர்பார்ப்பு சொத்தை 0.143, பதினான்கரைக்கும் கீழே. 20 இல்லை. இதுவும் நிபந்தனை எதிர்பார்ப்புதான், ஆனால் திசை வேறு. முன்பு லாரி தெரிந்து காயை ஊகித்தோம், இப்போது காய் தெரிந்து லாரியை ஊகிக்கிறோம். லோடு மோசம் என்பதில் மேலாளர் பேச்சு சரி. எவ்வளவு மோசம் என்பதில் வண்டிக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மண்டிக்கணக்கு | ஜூன் 12, காலை 6.40

தம்பி, 20 சதவீதத் தோப்பே கிடையாது என்று நீயே முடிவு கட்டிவிட்டு 14 என்கிறாய். என் கண்ணால் 30 சதவீதத் தோப்பும் பார்த்திருக்கிறேன். மழை ரெண்டு நாள் சேர்ந்து பெய்தால் போதும்.

சந்தூர்க்காரன் | ஜூன் 12, காலை 7.05

உண்மை அண்ணா. 0.05, 0.15 என்பது என் நோட்டுக்கு நெருங்கி வருகிறது என்பதற்காகப் போட்ட எண்கள். 0.3 தோப்பும் உண்டு என்றால் அந்த 14 நிச்சயம் மேலே போகும். 20-ஐத் தொடுமா என்பது அப்படிப்பட்ட தோப்பு எத்தனைக்கு ஒன்று என்பதைப் பொறுத்தது, அது என்னிடம் இல்லை. மொத்தப் பரவற்படிச் சூத்திரத்துக்கு p-யின் சராசரியும் பரவற்படியும் போதும், தோப்பு இரண்டா இருநூறா என்று அது கேட்பதில்லை. இந்தத் திருப்பு ஊகத்துக்கு முழுப் பரவலும் வேண்டும்.

ஓசூர் ஷிஃப்ட் | ஜூன் 12, இரவு 11.40

ஒரு லாரியில் ரெண்டு மூணு தோப்புக் காய் கலந்து வருமே, அப்போது?

தருமபுரி டீச்சர் | ஜூன் 13, காலை 8.00

நன்றாகக் கலந்திருந்தால் லாரியின் p நடுவுக்கு வரும், இரண்டாம் உறுப்பு சுருங்கும். கலக்காமல் அடுக்கடுக்காக இருந்தால் லாரி, அடுக்கு, காய் என்று மூன்று கட்டம் ஆகிவிடும். அதே சூத்திரத்தை இன்னொரு முறை உள்ளே போட வேண்டும். அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று லாரி மேல் ஏறினவர்தான் சொல்ல முடியும்.

சந்தூர்க்காரன் | ஜூன் 13, இரவு 9.30

இன்று மூன்று லாரியில் மேல், நடு, அடி என்று தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். இரண்டில் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றில் மேல் ஏழு காயும் சுத்தம், அடியில் எடுத்த ஆறில் மூன்று சொத்தை. மண்டி அண்ணன் முதல் நாளே மேல், அடி என்று சொன்னார். அவர் சொன்ன காரணம் நசுங்கல், இது அது இல்லை. இரண்டு தோப்புக் காயை ஒன்றன் மேல் ஒன்றாகக் கொட்டியிருப்பார்கள். ஒரு லாரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாளை முதல் நோட்டில் மூன்று கட்டம் கோடு போட்டு எழுதுகிறேன்.